ஐந்து வயது மடிக்கணினி மந்தமானால்: எஸ்.எஸ்.டி. போடுவதா, புதியது வாங்குவதா?

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஆசிரியையாக இருக்கும் என் சித்தியின் மகள், சென்ற தவணை விடுமுறையில் தன் மடிக்கணினியை என் மேசையில் வைத்துவிட்டு, "அண்ணா, உதை வித்துப்போட்டுப் புதுசு ஒண்டு வாங்கட்டோ?" என்று கேட்டாள். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதிதாக வாங்கிய கணினி அது. உள்ளே இன்டெல் பத்தாம் தலைமுறை ஐ3-1005ஜி1 புரொசசர், 4 ஜிபி ரேம், 1 டிபி வன்தட்டு ஆகியவை இருந்தன. பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து அவளுடைய வகுப்பின் புள்ளிப் பட்டியல் திரையில் திறக்கும்வரை கைப்பேசியில் நேரம் பிடித்துப் பார்த்தேன். ஆறு நிமிடம் நாற்பது விநாடி ஆனது.

இந்தக் கேள்விக்கான விடை கணினியின் வயதில் இல்லை. அதன் எந்தப் பாகம் மற்றப் பாகங்களைக் காக்க வைக்கிறது என்பதில் இருக்கிறது. மூடியைக் கழற்றாமலே, கால் மணி நேரத்தில் அதை அறிந்துகொள்ளலாம். அவளுடைய கணினியில் நான் செய்தவற்றை, செய்த ஒழுங்கிலேயே கீழே எழுதுகிறேன்.

## திறக்குமுன் அளந்து பார்த்தல்

கணினியை இயக்கிய உடனே அளக்கக் கூடாது. விண்டோஸ் எழுந்தவுடன் புதுப்பிப்புகளைத் தேடுதல், வைரஸ் சோதனை, கோப்புகளை அட்டவணைப்படுத்துதல் எனப் பல வேலைகளைத் தானாகவே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் நல்ல கணினியும் திணறுவதுபோல் தோன்றும். பத்து நிமிடம் விட்டுவிட்டு, வழக்கமாகத் திறக்கும் இரண்டு மூன்று செயலிகளைத் திறந்து, `Ctrl + Shift + Esc` அழுத்தினால் Task Manager வரும். அதில் Performance என்ற பக்கத்துக்குச் சென்று, CPU, Memory, Disk 0 ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

அவளுடைய கணினியில் CPU 15 முதல் 25 சதவீதத்துக்குள் அசைந்துகொண்டிருந்தது. Memory, 3.8 ஜிபியில் 3.3 ஜிபி நிறைந்திருந்தது. Disk 0 மட்டும் 100 சதவீதத்தில் ஏறி நின்று இறங்கவே இல்லை. அதற்குக் கீழே Average response time என்ற இடத்தில் 300 முதல் 900 மில்லிவிநாடி வரை காட்டியது. புரொசசர் முக்கால்வாசி நேரம் சும்மா இருந்து, வன்தட்டு தரப்போகும் தரவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது என்பதே இந்த எண்களின் பொருள்.

இதற்கான காரணம் எளியது. மடிக்கணினிகளில் வரும் சாதாரண வன்தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. வேண்டிய தரவு வாசிப்பு முனையின் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிவிநாடி, காத்திருக்க வேண்டும். அதற்கு முன் அந்த முனை சரியான தடத்துக்கு நகரவேண்டும். அதற்கும் பன்னிரண்டு மில்லிவிநாடி அளவில் போய்விடும். ஆகவே அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை வாசிக்கும்போது, விநாடிக்கு அறுபது முதல் நூறு வாசிப்புகளுக்கு மேல் அதனால் இயலாது. விண்டோஸ் தொடங்கும்போது கேட்பவையோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். வன்தட்டுக்குப் பதிலாகப் போடும், சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதற்கோ நகர்வதற்கோ எதுவுமில்லை. ஒரு வாசிப்பு ஒரு மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். கடைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் விநாடிக்கு 500 எம்பி, 3000 எம்பி என்ற வேகங்கள் பெரிய கோப்புகளைப் பிரதிசெய்யும்போது உதவுபவை. நாம் அன்றாடம் உணரும் வித்தியாசம் இந்தச் சிறு வாசிப்புகளில் கிடைப்பதே.

அளவீடு வேறு விதமாகவும் வரக்கூடும். Disk ஐந்து, பத்து சதவீதத்தில் நிற்க, CPU 100 சதவீதத்தை விட்டு இறங்காதிருந்தால், எஸ்.எஸ்.டி. போட்டும் பெரிய பயன் வராது. அப்போது அதே பக்கத்தில் Speed என்ற எண்ணைப் பார்க்கவேண்டும். புரொசசரின் இயல்பு வேகம் 1.2 கிகாஹேட்ஸ் என்றிருக்க, வேலைப் பளுவின்போதும் 0.4இலோ 0.8இலோ ஒட்டிக்கொண்டு நின்றால், அது சூட்டினாலோ சார்ஜர் கோளாறினாலோ தன்னைத் தானே அடக்கி வைத்திருக்கிறது. சித்திரை வெயிலில் மின்விசிறியின் வாயில் தூசு படிந்த கணினிகளை இங்கே நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தூசைத் துடைத்து, புரொசசரின் மீதுள்ள வெப்பப் பசையை மாற்றினாலே அவற்றுட் பல சரியாகிவிடுகின்றன.

இன்னொன்றையும் அதே பக்கத்தில் பார்க்கலாம். Disk 0 என்பதற்குக் கீழே HDD என்று இருக்கிறதா, SSD என்று இருக்கிறதா என்பதை விண்டோஸே சொல்லும். SSD என்றிருந்து, கொள்ளளவு 64 ஜிபி அளவில் இருந்தால், அது பெரும்பாலும் மதர்போர்டில் ஒட்டி வைத்த இ.எம்.எம்.சி. வகைச் சேமிப்பகம். அதைக் கழற்ற முடியாது. மெல்லிய பலகை வடிவ எஸ்.எஸ்.டி.யைச் செருகும் எம்.2 இடமும் காலியாக இல்லாவிட்டால் அக்கணினிக்கு இந்த வழி அடைபட்டது என்றே கொள்ளவேண்டும்.

## வன்தட்டு மந்தமா, நோயாளியா

எனக்கு 900 மில்லிவிநாடி என்ற எண் உறுத்தியது. வேலை மிகுந்தால் வரிசை நீண்டு இந்த அளவுக்குப் போவதுண்டு. ஆனால் வன்தட்டு பழுதாகத் தொடங்கும்போதும் இப்படித்தான் இருக்கும். வாசிக்க முடியாத ஓர் இடத்தைத் திரும்பத் திரும்ப முயன்று நேரத்தைக் கழிக்கும். இரண்டையும் வேறுபடுத்த, CrystalDiskInfo என்ற இலவச மென்பொருளைத் திறந்து மூன்று வரிகளை மட்டும் பார்த்தால் போதும். 05 என்ற வரி, பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையைச் சொல்லும். C5, வாசிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகளைச் சொல்லும். C6, திருத்த முடியாதவை எனக் கண்டவற்றைச் சொல்லும். மூன்றிலும் வலப்பக்கத்தில் முழுவதும் பூச்சியமாக இருப்பதே நல்ல நிலை. அந்த எண்கள் பதினாறின் அடிமானத்தில் எழுதப்படுவன என்பதால் 10 என்று கண்டால் பதினாறு என்று வாசிக்கவேண்டும்.

அவளுடைய வன்தட்டில் C5 எட்டு என்று இருந்தது. எட்டுச் சிறு பகுதிகள் என்பது மிகக் குறைவுதான். ஆயினும் இந்த எண் பூச்சியத்தை விட்டு நகர்ந்தபின் அந்த வன்தட்டை நம்பி ஒரு நாளும் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த ஓர் எண் எங்கள் திட்டத்தை இரண்டு வகையில் மாற்றியது. முதலாவது, கணினி வேண்டுமா வேண்டாமா என்ற முடிவுக்கு முன்பே தரவை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது, பழைய வன்தட்டை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு முழுப் பிரதி எடுக்கும் வழி எங்களுக்கு ஒத்துவராமற் போயிற்று. முழுப் பிரதி எடுக்கும் மென்பொருள்கள் தட்டின் பயன்பட்ட பகுதி அனைத்தையும் வாசிக்கும். பழுதான இடத்தில் சில நின்றுவிடும், சில அதைத் தாண்டிப் போய்ச் சிதைந்த ஒரு விண்டோஸை உருவாக்கிவிடும். மூன்று வரிகளும் பூச்சியமாக உள்ளவர்கள் முழுப் பிரதி எடுக்கலாம். அதற்கு Clonezilla போன்ற இலவசக் கருவிகள் உள்ளன. அப்படி எடுத்தாலும், 1 டிபி தட்டிலிருந்து 500 ஜிபி எஸ்.எஸ்.டி.க்கு மாறுபவர்கள் பகுதிகளை முன்கூட்டியே சுருக்கிவிட வேண்டும். Clonezilla தன் இயல்பு நிலையில் பெரிய தட்டைச் சிறியதற்கு ஏற்காது.

## மீதிக் கணினி அந்தச் செலவுக்குத் தகுமா

எஸ்.எஸ்.டி. வேகத்தை மட்டுமே தரும். கீல் உடைந்த திரையையோ எழுத்துகள் விழுந்த விசைப்பலகையையோ அது சரிசெய்யாது. ஆகவே மற்றவற்றையும் பார்த்தே கணக்குப் போடவேண்டும்.

மின்கலத்தை முதலில் பாருங்கள். நமது பகுதியில் 2021இல் வாங்கிய கணினிகள் 2022இன் மின்வெட்டைக் கடந்து வந்தவை. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது நினைவிருக்கும். அக்காலத்தில் ஒவ்வொரு நாளும் அடிவரை வடிந்து மறுபடி நிரம்பிய மின்கலங்கள் தம் வயதுக்கு மேலே தேய்ந்துள்ளன. தேடற்பெட்டியில் `cmd` என்று தட்டி Command Prompt சாளரத்தைத் திறந்து, இந்தக் கட்டளையைக் கொடுத்தால் ஓர் அறிக்கை உருவாகும். அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதையும் அதே சாளரம் சொல்லும்.

```
powercfg /batteryreport
```

அறிக்கையில் DESIGN CAPACITY என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு. FULL CHARGE CAPACITY என்பது இன்று மிஞ்சியிருப்பது. தங்கையின் கணினியில் இரண்டாவது எண் முதலாவதன் 43 சதவீதமாக இருந்தது. அரைவாசிக்குக் கீழே போனால் மின்கலத்தையும் செலவுப் பட்டியலில் சேர்ப்பது என் வழக்கம்.

அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஏழாம் தலைமுறையில் மிகச் சில மட்டுமே விதிவிலக்கு. ஐந்தாண்டுக்கு முன் புதிதாக வாங்கியவற்றுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனால் ஐந்தாண்டுக்கு முன் பாவித்த நிலையில் வாங்கிய ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினியாக இருந்தால் அதில் பணம் போடுமுன் இருமுறை யோசிக்கவேண்டும்.

மூன்றாவது ரேம். வன்தட்டைப் போலவே 4 ஜிபி ரேமும் மந்தத்துக்கு உடந்தை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரேம் நிரம்பும்போது விண்டோஸ் மிச்சத்தை வன்தட்டில் எழுதி வைத்துத் தேவைப்படும்போது திரும்ப வாசிக்கிறது. Disk 100 சதவீதத்தில் நின்றதற்கு ஒரு பாதிக் காரணம் அதுவாக இருக்கும். எஸ்.எஸ்.டி. போட்டபின் அந்த எழுத்துவாசிப்பு வேகமாகுமேயொழிய நின்றுவிடாது. எனவே 4 ஜிபி உள்ள கணினிக்கு எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டு அனுப்புவதை நான் அரைவேலை என்றே கருதுகிறேன். Memory பக்கத்தில் Slots used என்பதில் 1 of 2 என்று இருந்தால் ஓரிடம் காலியாக உள்ளது.

கஸ்தூரியார் வீதியில் இரண்டு கடைகளில் விலை கேட்டோம். 500 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் 8 ஜிபி ரேமும் சேர்த்து, அதே தரத்தில் இன்று கிடைக்கும் புதிய மடிக்கணினியின் விலையில் ஏறக்குறைய கால்பங்கு வந்தது; மின்கலத்தையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு. 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியிருப்பதால், முன்பு யாரோ சொன்ன விலையை நம்பாமல் அன்றைய விலையைக் கேட்டே முடிவெடுக்கவேண்டும். நான் வைத்துக்கொள்ளும் எல்லை பாதி விலை. எல்லாப் பழுதுகளையும் சேர்த்துப் புதியதன் பாதியைத் தாண்டினால் புதியதை வாங்கச் சொல்வேன். கீல் பிளந்து திரையின் மூடியும் வெடித்திருந்தால், அல்லது பார்க்கும் வேலை காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைபடம் போன்றதாக மாறியிருந்தால், பாதி வரும்வரை காத்திராமலே அப்படிச் சொல்வேன்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். புதியது என்பதற்காக அது வேகமாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. செலவைக் குறைக்க எண்ணிச் செலரோன் புரொசசரும் ஒட்டிய 4 ஜிபி ரேமும் கொண்ட புதிய கணினியை வாங்குபவர், எஸ்.எஸ்.டி.யும் போதிய ரேமும் போட்ட பழைய ஐ3ஐ விட மந்தமான ஒன்றை, பின்னர் ரேமைக் கூட்டவும் முடியாதபடி, அதிக விலைக்கு வாங்கியவராகிறார்.

தங்கையின் கணினியில் கீல், திரை, விசைப்பலகை எல்லாம் நன்றாக இருந்தன. வேலையும் புள்ளிப் பட்டியல், வினாத்தாள், இணைய வகுப்பு என்ற அளவில்தான். விடை தெளிவாகவே இருந்தது.

## தரவை வெளியே எடுத்தல்

பழுதாகத் தொடங்கிய தட்டிலிருந்து சுட்டியால் இழுத்துப் பிரதிசெய்தால், வாசிக்க முடியாத ஒரு கோப்பில் முழு வேலையும் தொங்கி நிற்கும். `robocopy` என்ற கட்டளை விண்டோஸுடனேயே வருகிறது. ஆனால் அதன் இயல்பு நிலையில், தோற்றுப்போன ஒரு கோப்பைப் பத்து இலட்சம் முறை, ஒவ்வொரு முறைக்கும் முப்பது விநாடி விட்டு முயலும். ஆகவே மறுமுயற்சியை ஒன்றாகக் குறைப்பது கட்டாயம். வெளித்தட்டு E: என்று வந்திருந்தால், Command Prompt சாளரத்தில் இப்படிக் கொடுக்கவேண்டும்.

```
robocopy "%USERPROFILE%" "E:\Backup" /E /XJ /R:1 /W:1 /LOG:E:\log.txt
```

முடிந்ததும் `log.txt` கோப்பின் அடியில் Failed என்ற நிரலைப் பாருங்கள். அவளுக்கு அதில் ஐந்து என்று வந்தது. மேலே தேடிப் பார்த்ததில் நான்கு விண்டோஸ் திறந்து வைத்திருந்த தற்காலிகக் கோப்புகள். ஒன்று 2022ஆம் ஆண்டின் இல்ல விளையாட்டுப் போட்டிக் காணொளி. அந்தக் காணொளி பழுதான பகுதியில் இருந்தது. நல்லவேளையாக அதன் பிரதி வேறோர் ஆசிரியையிடம் கிடைத்தது.

இந்தக் கட்டளை அவளுடைய கோப்புறையை மட்டுமே எடுக்கும். D: என்று வேறொரு பகுதி இருந்தால் அதைத் தனியாக எடுக்கவேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் மறப்பது எழுத்துருக்களை. பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் பழைய வினாத்தாள்களும் கடிதங்களும் இன்னும் பாமினி எழுத்துருவில் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஆவணம் அழிந்துவிட்டதென்று பதறியவர்களை நான் கண்டிருக்கிறேன். `C:\Windows\Fonts` கோப்புறையிலிருந்து பாமினி முதலிய தமிழ் எழுத்துருக்களைத் தனியே பிரதிசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தட்டு குறியாக்கம் செய்யப்பட்டுள்ளதா என்பதை நிர்வாகி உரிமையுடன் திறந்த Command Prompt சாளரத்தில் இப்படி அறியலாம்.

```
manage-bde -status
```

Protection On என்று வந்தால் மீட்புச் சாவியை account.microsoft.com/devices/recoverykey என்ற முகவரியில் எடுத்து எழுதி வைக்கவேண்டும். அது இல்லாமல் பழைய தட்டை வேறு கணினியில் இணைத்தால் எதையும் வாசிக்க முடியாது.

## சரியானதைத் தேர்ந்து வாங்குதல்

இரண்டு வடிவங்கள் உள்ளன. பழைய வன்தட்டின் இடத்திலேயே அமரும் இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று, மெல்லிய பலகையாக மதர்போர்டில் செருகும் எம்.2 மற்றது. எம்.2 வடிவத்துக்குள்ளும் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரு வகை உண்டு. சாட்டா மட்டும் ஏற்கும் இடத்தில் என்.வி.எம்.இ. பலகையைச் செருகினால் அது பொருந்தினாலும் கணினி அதைக் காணாது. ஆகவே உங்கள் மாதிரியின் சேவைக் கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டே கடைக்குப் போகவேண்டும். ஐயம் தீராவிட்டால் இரண்டரை அங்குல சாட்டாவை வாங்குங்கள். வன்தட்டிலிருந்து மாறுபவருக்கு அதுவே பெரிய பாய்ச்சல், அதற்கும் என்.வி.எம்.இ.க்கும் உள்ள வேறுபாட்டைப் புள்ளிப் பட்டியல் திறப்பவர் உணரமாட்டார். தங்கையின் மாதிரியில் என்.வி.எம்.இ. ஏற்கும் எம்.2 இடம் காலியாக இருந்ததாலும் விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்ததாலும் அதையே எடுத்தோம்.

அங்கே ஒரு சிறு தடங்கல் வந்தது. வன்தட்டோடு விற்ற கணினிகளில் எம்.2 பலகையை இறுக்கும் குட்டித் திருகாணி பெரும்பாலும் உள்ளே இருப்பதில்லை. இரண்டு மில்லிமீற்றர் தடிப்பும் மூன்று மில்லிமீற்றர் நீளமும் உள்ள அந்த ஆணியைக் கடையிலேயே கேட்டு வாங்கிக்கொண்டால் பாதி வேலையில் மறுபடி ஓடவேண்டியதில்லை.

உத்தரவாதம் எங்கே நிறைவேற்றப்படும் என்பதையும் கேளுங்கள். பழுதானதைக் கொழும்புக்கு அனுப்பி மாற்றி எடுக்க வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே கடைக்காரரே மாற்றித் தருவாரா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவது நல்லது.

## கழற்றி மாட்டுதல்

முழுமையாக அணைக்கவேண்டும். விண்டோஸின் வழக்கமான அணைப்பு, அடுத்த தொடக்கத்தை வேகப்படுத்த ஒரு பகுதியைச் சேமித்து வைக்கும் அரை உறக்கம்தான். முழு அணைப்புக்கு:

```
shutdown /s /t 0
```

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கணினியைத் துணிமீது கவிழ்த்து, அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றுங்கள். ஆணிகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. நீளமான ஆணியைக் குட்டையானதன் துளையில் இறுக்கினால் அது மேலே கைவைக்கும் பரப்பில் புடைத்து நிற்கும், அல்லது பலகையைக் குத்தும். ஒரு தாளில் கணினியின் அடிப்பாகத்தை வரைந்து, ஒவ்வோர் ஆணியையும் அது வந்த இடத்திலேயே தாளில் குத்தி வைப்பதே நான் கண்ட சிறந்த வழி. எல்லாம் கழற்றியும் மூடி அசையாவிட்டால் ஒன்று ரப்பர்க் கால்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அப்போது பலமாக இழுக்காதீர்கள். பழைய வங்கி அட்டை ஒன்றை விளிம்பில் நுழைத்து, கீல் பக்கத்திலிருந்து தள்ளித் தொடங்கி மெல்ல நகர்த்தினால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுபடும்.

திறந்ததும் முதல் வேலை மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுவது. அதைச் செய்யாமல் உள்ளே கை வைத்து, திருப்புளி நழுவிப் பலகை எரிந்த கதைகள் உண்டு. மின்கலம் உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. அந்த இடத்திலேயே நிறுத்திக் கடையில் ஒப்படைப்பதே முறை.

பிறகு எம்.2 பலகையை முப்பது பாகைச் சரிவில் செருகி, தங்கமுனைகள் உள்ளே மறையும்வரை தள்ளி, மெல்லப் படுக்க அழுத்தி ஆணியை இறுக்கவேண்டும். ரேமும் அதே போலத்தான். இரு பக்கக் கிளிப்புகளும் கிளிக்கென்று பிடிக்கவேண்டும். பழைய வன்தட்டை அதன் சட்டத்தோடு கழற்றி எடுத்துவிடுங்கள். அதன் இணைப்பு மெல்லிய நாடா. பூட்டைத் தூக்கியபின்தான் நாடாவை இழுக்கவேண்டும்.

"பழையதும் உள்ளே கிடக்கட்டுமே, இடம் கூடக் கிடைக்கும்" என்று பலர் சொல்வார்கள். தட்டு நல்ல நிலையில் இருந்தாலும், குறைந்தது விண்டோஸ் நிறுவி முடியும்வரை அதை வெளியே எடுத்துவிட வேண்டும். அது உள்ளே இருந்தால், நிறுவல் நிரல் விண்டோஸைப் புதிய எஸ்.எஸ்.டி.யில் வைத்துவிட்டு, தொடக்கத்துக்கான சிறு பகுதியை மட்டும் பழைய தட்டில் ஏற்கெனவே உள்ளதோடு சேர்த்துவிடக்கூடும். எல்லாம் நன்றாக ஓடும். ஓராண்டு கழித்துப் பழைய தட்டு சாகும் நாளில் கணினியும் எழும்பாது. காரணம் தெரியாமல் எஸ்.எஸ்.டி.யைக் குறை சொல்பவர்களின் கணினிகளில் இரண்டு முறை இதைக் கண்டிருக்கிறேன்.

## விண்டோஸை நிறுவுதல்

குறைந்தது 8 ஜிபி உள்ள பென் டிரைவில், மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து இறக்கிய Media Creation Tool மூலம் நிறுவல் வட்டை வேறொரு கணினியில் முன்கூட்டியே உருவாக்கி வைக்கவேண்டும். அது பல ஜிபி தரவை இறக்கும் என்பதால் நல்ல இணைப்புள்ள இடத்தில் செய்யுங்கள். திறவுகோல் எண் கேட்டால் I don't have a product key என்பதைத் தேர்ந்து தொடரலாம். உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது. தட்டை மாற்றியதால் அது போய்விடாது. முன்பு Home பதிப்பு இருந்தால் Home பதிப்பையே நிறுவவேண்டும் என்பது மட்டுமே கவனம்.

தட்டைத் தேர்வுசெய்யும் திரையில் எதுவுமே தெரியாவிட்டால் பலகை சரியாக அமர்ந்ததா என்று முதலில் பாருங்கள். பதினோராம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் என்றால், இன்டெலின் வி.எம்.டி. என்ற சேமிப்பக அமைப்பு காரணமாக இருக்கும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் சேமிப்பக டிரைவரை எடுத்து அதே பென் டிரைவில் போட்டு, Load driver மூலம் காட்டினால் தட்டு தோன்றும். வைஃபை வேலை செய்யாமல் நிறுவல் பாதியில் நின்றால், கைப்பேசியை யூ.எஸ்.பி. வயரால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால் பெரும்பாலும் தொடரலாம்.

## போட்டபின் சரிபார்த்தல்

முதலில் CrystalDiskInfo மறுபடி. புதிய எஸ்.எஸ்.டி.யில் Power On Hours ஒன்றிரண்டு மணியும் Total Host Writes நிறுவலுக்கு ஏற்ற சில பத்து ஜிபிக்குள்ளும் இருக்கவேண்டும். ஆயிரக்கணக்கான மணிகள் காட்டினால் அது பாவித்த பொருள். பற்றுச்சீட்டோடு அன்றே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அடுத்து, நிர்வாகி உரிமையுடன் இந்தக் கட்டளை:

```
fsutil behavior query DisableDeleteNotify
```

NTFS என்ற வரியில் 0 என்று வந்தால், அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்.எஸ்.டி.க்கு அறிவிக்கும் வசதி இயங்குகிறது. அது இல்லாவிட்டால் எஸ்.எஸ்.டி. நிறைய நிறைய வேகம் குறையும்.

தங்கையின் கணினியில் அதே கைப்பேசியால் மறுபடி நேரம் பிடித்தேன். பொத்தானிலிருந்து புள்ளிப் பட்டியல் வரை நாற்பத்தொரு விநாடி. Disk பெரும்பாலும் ஐந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தது. இணைய வகுப்பும் உலாவியும் திறந்திருந்தபோது Memory 12 ஜிபியில் 6 ஜிபியைத் தாண்டியது. பழைய 4 ஜிபியில் அந்த மிச்சமெல்லாம் வன்தட்டின் தலையில்தான் விழுந்திருக்கிறது. இணைய வகுப்பில் காணொளி ஓடும்போது மட்டும் CPU எழுபதைத் தொட்டது. இரண்டு கருக்கள் மட்டுமே உள்ள அந்த ஐ3இன் எல்லை அதுவே, எஸ்.எஸ்.டி.யால் அதை மாற்ற முடியாது.

மின்கலத்தைப் பிறகு பார்க்கலாம் என்றாள். நான் சம்மதிக்கவில்லை. மடிக்கணினிகளுக்கான சாதாரண எஸ்.எஸ்.டி.களில், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் சட்டென அறுந்தால் தாங்கிக்கொள்ளும் மின்தேக்கிகள் இல்லை. செத்த மின்கலத்தோடு சுவர் மின்சாரத்தில் மட்டும் ஓடும் மடிக்கணினி, ஒவ்வொரு மின்தடையிலும் அந்த ஆபத்துக்கு உள்ளாகிறது. அடுத்த மாதச் சம்பளத்தில் மின்கலத்தையும் மாற்றினோம்.

பழைய வன்தட்டில் C5 எட்டு என்று ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டி, அலுமாரியில் வைத்திருக்கிறாள். விடுபட்ட கோப்பு ஏதும் நினைவுக்கு வந்தால் எடுப்பதற்காக ஒரு தவணை முழுவதும் அது அங்கே இருக்கும். பிறகு, மாணவர் விவரங்கள் அதில் இருப்பதால், யாருக்கும் கொடுக்காமல் தட்டைத் துளைத்து அழித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.